ஓணம் லீவு சியோலில் செல்லாது

கேள்வி: வக்கீல் சார், கொழிஞ்சாம்பாறையில் காயர் பித், அதான் தேங்காய் நார்த் தூள், ஏற்றுமதி பண்றேன். கொச்சியிலிருந்து ரெண்டு கண்டெய்னர் கொரியாவுக்குப் போச்சு, 13,000 டாலர். சரக்கு கப்பல் ஏறினது ஆகஸ்ட் 20. ஏறினதிலிருந்து 15 நாளுக்குள்ள டாக்குமெண்ட் கொடுக்கணும், பணத்துக்கு அவங்க பேங்க் உத்தரவாதம் கொடுத்த எல்.சி. முடியறது செப்டம்பர் 12. 4, 5 ரெண்டு நாளும் ஓணம் லீவு. 6-ஆம் தேதி காலையில முதல் ஆளா பாலக்காடு பேங்க்ல கொடுத்தேன். 10-ஆம் தேதி சியோல் போய்ச் சேர்ந்துச்சு. லேட்டுன்னு 15-ஆம் தேதி மறுத்துட்டாங்க. விலை இறங்கினதால சரக்கு வாங்கற பார்ட்டிதான் பேங்கைத் தூண்டி விடறான். இப்ப 8 சதவீதம் குறைச்சா எடுத்துக்கறேங்கறான். பேங்க் லீவுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்? கேஸ் போடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய நகலில் 31D என்ற கட்டத்தில், காலாவதித் தேதிக்குப் பக்கத்தில் சியோல் என்று இருக்கிறது. டாக்குமெண்டை எந்த வங்கியில் கொடுப்பது என்று சொல்லும், 41 என்று தொடங்கும் கட்டத்தில் எல்.சி. திறந்த கொரிய வங்கியின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. விஷயம் இந்த இரண்டு வரியோடு முடிந்தது. பார்ட்டிக்கு என்ன உள்நோக்கம், விலை எவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் எல்.சி.க்கு வேண்டாத கதை. வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும்தான்.

டாக்குமெண்ட் கொடுக்கும் கடைசி நாளில் வங்கி மூடியிருந்தால் அடுத்த வேலை நாளில் கொடுக்கலாம். இது எல்.சி.க்கு வங்கிகள் பின்பற்றும் விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன் 29-ஆவது விதி. ஆனால் மூடியிருக்க வேண்டியது எந்த வங்கி? எல்.சி.ப்படி டாக்குமெண்டை எந்த வங்கியில் கொடுக்க வேண்டுமோ, அந்த வங்கி. உங்களுக்கு அது சியோலில் இருக்கிறது. பாலக்காடு வங்கி இதில் உங்கள் டாக்குமெண்டைச் சுமந்துபோன கூரியர், அவ்வளவே. ஆகஸ்ட் 20-லிருந்து 15 நாள் எண்ணினால் செப்டம்பர் 4. அன்று உங்கள் காகிதங்கள் சியோல் கவுண்டரில் இருந்திருக்க வேண்டும். கூரியருக்கு நாலு நாள் கழித்தால், உங்கள் கையில் இருந்தது உண்மையில் 11 நாள்தான்.

இதே எல்.சி. 'இந்தியாவில் எந்த வங்கியிலும்' என்று இருந்திருந்தால் 6-ஆம் தேதி செல்லுபடியாகும். நீட்டித்த கெடுவுக்குள் வாங்கினோம் என்று பாலக்காடு வங்கி டாக்குமெண்டோடு அனுப்பும் கவரிங் ஷெட்யூலில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

மறுப்பிலாவது ஓட்டை உண்டா என்று பார்த்தேன். காகிதம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள், குறைகள் எல்லாவற்றையும் ஒரே அறிவிப்பில் சொல்லி, டாக்குமெண்டை என்ன செய்கிறோம் என்பதையும் கொரிய வங்கி எழுதியாக வேண்டும். தவறினால் மறுக்கும் உரிமை போய்விடும். உங்கள் விஷயத்தில் 15-ஆம் தேதியே அனுப்பிவிட்டார்கள். உங்கள் உத்தரவுக்காக டாக்குமெண்டை வைத்திருக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஓட்டை இல்லை.

கேஸ் வேண்டாம். 8 சதவீதம் என்றால் 1,040 டாலர். கொடுத்துவிடுங்கள். சரக்கை எடுக்கக் காட்ட வேண்டிய கப்பல் ரசீதான உங்கள் பி.எல். கொரிய வங்கியின் உத்தரவுக்கு என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் மேலெழுத்துப் போட்டுத் திருப்பித் தராமல் பூசானில் வேறு ஆளுக்கு விற்கவும் முடியாது, சரக்கைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. துறைமுக வாடகை மட்டும் நாளுக்கு நாள் ஏறும்.

நான் பயப்படுவது இனி நீங்கள் செய்யப்போகும் காரியத்தை நினைத்துத்தான். குமுளிப் பக்கம் ஒரு ஏலக்காய் வியாபாரி இதே நிலைமையில் என்னிடம் வந்தார். வாங்குபவர் வாட்ஸ்அப்பில், "டாக்குமெண்டை விட்டுவிடச் சொல்லுங்கள், திங்கட்கிழமை பணம்" என்றார். இவரும் காசு வாங்காமல் விடச் சொல்லி வங்கிக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். சரக்கு போனது. திங்கட்கிழமை பல முறை வந்து போனது, பணம் வரவில்லை. காகிதத்தை விடச் சொன்னவரே இவர்தான் என்பதால் வங்கியையும் கேட்க வழியில்லை.

அதனால் தள்ளுபடிக்குச் சம்மதம் என்பதை உங்கள் வங்கி மூலமாகவே சொல்லுங்கள். 11,960 டாலர் கட்டினால் மட்டும் டாக்குமெண்டைக் கொடுக்க வேண்டும் என்பது வங்கிக்கு வங்கி போகும் ஸ்விஃப்ட் செய்தியில் இருக்கட்டும். குறையை ஏற்றுக்கொள்கிறேன் என்று பார்ட்டி உங்களுக்கு எழுதித் தருவது போதாது. அதை அவருடைய வங்கிக்குத் தர வேண்டும். தந்த பிறகும் ஏற்பதா இல்லையா என்பது அந்த வங்கியின் முடிவு. வங்கியின் ஒப்புதல் வரும்வரை மனதுக்குள் பணம் வந்துவிட்டதாகக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்த எல்.சி. வந்ததும் கண்டெய்னர் புக் பண்ணுவதற்கு முன்னால் 31D-யைப் பாருங்கள். வெளிநாடு என்றிருந்தால், காலாவதி இடம் இந்தியா, டாக்குமெண்ட் கொடுக்குமிடம் இந்தியாவில் எந்த வங்கியும், 15-க்குப் பதில் 21 நாள் என்று திருத்தம் கேளுங்கள். பார்ட்டி போனில் சரி என்றால் போதாது, திருத்தம் வங்கி வழியே வர வேண்டும். வராமல் லோடு ஏற்றாதீர்கள்.