பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் எந்த ஆண்டில் சேரலாம்?

கேள்வி: வீடு வியாசர்பாடி. தம்பி பிளஸ் டூ பாஸ், அவன் பிரெண்டு ஐடிஐ முடிச்சிருக்கான். ரெண்டு பேரும் டிப்ளமோ மெக்கானிக்கல் சேரணும். காலேஜ் லிஸ்ட்ல ஒரே கோர்ஸ் மூணு இடத்துல இருக்கு. எதுக்கு அப்ளை பண்றது, எப்போ?

பதில்:

அந்த மூன்றும் மூன்று வழிகள். முதலாண்டு முழுநேரம் என்பது பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்து, மூன்று ஆண்டு. பகுதிநேரம் வேலையில் இருப்பவர்களுக்கு, அதை விட்டுவிடுங்கள். 'லேட்டரல் என்ட்ரி' என்று இருப்பதுதான் நேரடி இரண்டாம் ஆண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான், ஓர் ஆண்டு மிச்சமாகும்.

தம்பி கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்திருந்தால் சிக்கலே இல்லை. வேறு குரூப் என்றால் அந்த ஆண்டின் விவரக் கையேட்டில் உள்ள பாடப் பட்டியலோடு மார்க் ஷீட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியல் மாறியிருக்கிறது, போன வருஷம் சேர்ந்தவர் சொல்வதை நம்ப வேண்டாம். பட்டியலில் வராவிட்டால் பத்தாம் வகுப்பு மார்க்கோடு முதலாண்டில் சேரலாம்.

பிரெண்டு விஷயத்தில் ஒன்றைக் கேளுங்கள்: எந்த டிரேடு? ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்றவை இரண்டு ஆண்டுப் படிப்பு, நேரடி இரண்டாம் ஆண்டுக்குத் தகுதி உண்டு. வெல்டர் ஓர் ஆண்டுதான். அதை வைத்து முடியாது, அவரும் முதலாண்டுதான். சான்றிதழில் பயிற்சிக் காலம் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பித்தால் சரிபார்ப்பு நாளில் திரும்ப வேண்டியிருக்காது.

நேரடியாகச் சேர்பவர்கள் திணறும் இடமும் தெரிந்திருக்கட்டும். முதலாண்டில் நடத்தும் இன்ஜினியரிங் டிராயிங்கை இவர்கள் படித்திருக்க மாட்டார்கள். இரண்டாம் ஆண்டில் மெக்கானிக்கலுக்கு மெஷின் டிராயிங் வரும்போது, ஒரு பொருளின் முன் தோற்றம், மேல் தோற்றம், பக்கத் தோற்றம் மூன்றையும் பிரித்து வரையத் தெரிந்திருக்க வேண்டும். ஃபிட்டர் முடித்தவருக்கு அது பழக்கம், அவருக்குக் கணக்குதான் இடிக்கும். பிளஸ் டூ பையனுக்கு நேர் எதிர். வகுப்பு தொடங்குவதற்குள் தம்பி ஒரு பழைய டிராயிங் புத்தகமும் டிராஃப்டரும் வாங்கி உட்காருவது நல்லது.

தேதிக்கு: அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் tnpoly.in தளத்தில். பொதுத்தேர்வு முடிவுகள் வரும் மே மாதத்திலிருந்தே தினமும் பாருங்கள். முதலாண்டுக்கும் நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் விண்ணப்பம் தனித்தனி, கடைசித் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. டிசி, மார்க் ஷீட்டுகள், சாதிச் சான்றிதழ் மூன்றையும் இப்போதே ஸ்கேன் செய்து வையுங்கள்.

தனியார் இடங்களில் 'ஒரே வருஷத்தில் டிப்ளமோ' என்று போர்டு இருந்தால் தள்ளி நில்லுங்கள். ஏஐசிடிஇ அங்கீகாரமும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கல்லூரிக் குறியீட்டு எண்ணும் கேளுங்கள். அது இல்லாத சான்றிதழை வைத்துப் பின்னால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர முடியாது.