பந்தி எண் பிழை, ஆவணக் குறிப் பிழை: கையெழுத்து வைக்க முன் பார்க்க வேண்டியவை

"ஐயா, ஆரையம்பதியில் அம்மா எழுதித் தந்த காணியின் தென்பக்கத்தில் ஒரு துண்டைப் பக்கத்துக் காணிக்காரர் வேலி போட்டு எடுத்துவிட்டார். மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட என் சட்டத்தரணி தயாரித்த வழக்குரையும் மனுவும் சத்தியக் கடதாசியும் கைக்கு வந்திருக்கின்றன. வாசித்துவிட்டு வரும் திங்கட்கிழமை வந்து கையெழுத்து வைக்கச் சொன்னார். 8ஆம் பந்தி இரண்டு தடவை வருகிறது. நில அளவைப் படம் ஓரிடத்தில் பி4, இன்னோரிடத்தில் பி5. எழுத்துப் பிழைதானே, விட்டுவிடலாமா?"
— வாசகர், ஆரையம்பதி

விட வேண்டாம். திங்கட்கிழமைக்கு முன் திருத்துவது சின்ன வேலை. வழக்குத் தாக்கலான பின் அதே திருத்தத்துக்கு எதிர்த்தரப்புக்கு அறிவித்து, நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

முதலில் பந்தி எண். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 40ஆம் பிரிவு, வழக்கின் விபரங்களை முறையாக இலக்கமிட்ட பந்திகளில் எழுதச் சொல்கிறது. அழகுக்காக அல்ல. 75ஆம் பிரிவின்படி எதிராளி தன் விடையில் உங்கள் கூற்றுகளை ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். நடைமுறையில் "8ஆம் பந்தியை ஏற்கிறேன், 9ஐ மறுக்கிறேன்" என்று எண்ணைச் சொல்லியே அதைச் செய்வார்கள். உங்கள் முதல் 8இல் அம்மா உறுதி எழுதித் தந்த விபரமும், இரண்டாவது 8இல் வேலி போட்ட திகதியும் இருந்தால், அவர் ஏற்றது எதை? ஏற்புகள் தெளிவாக இருந்தால் அந்த விடயங்களுக்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. அந்த வசதியை நீங்களே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பிழை பெரும்பாலும் கடைசி நேரத்தில் ஒரு பந்தியை இடையில் நுழைக்கும்போது வருகிறது. கணினி தானாக இலக்கமிட்டாலும் ஆபத்து முழுதாகத் தீராது: பந்தியின் தலையில் உள்ள எண் மாறும், வசனத்துக்குள் கையால் தட்டிய எண் மாறாது. "மேலே 6ஆம் பந்தியில் கூறிய அத்துமீறல்" என்ற வரி அப்படியே கிடக்கும், அத்துமீறலோ 7ஆம் பந்திக்குப் போயிருக்கும். ஆகவே அச்செடுத்த பிரதியில் "பந்தி" என்ற சொல் வரும் இடமெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் அந்தப் பந்திக்குப் போய், சொன்ன விடயம் அங்கே இருக்கிறதா என்று வாசியுங்கள். இந்த வாசிப்பில் வேறெதையும் திருத்த வேண்டாம். கதையோடு சேர்த்து வாசித்தால் கண் எண்ணைத் தாண்டிப் போய்விடும்.

அடுத்தது ஆவணக் குறிகள். பழைய வரைவில் படம் பி4 ஆக இருந்து, பிறகு பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோ கடிதமோ இடையில் சேர்ந்து படம் பி5 ஆகியிருக்கலாம். வழக்குரை திருந்தியிருக்கும், சத்தியக் கடதாசி பழைய பிரதியிலேயே நின்றிருக்கும். ஒரு தாளில் நான்கு நிரல் போடுங்கள்: முதலாவதில் குறி; இரண்டாவதில் ஆவணத்தின் பெயர், இலக்கம், திகதி; மூன்றாவதில் வழக்குரையில் வரும் பந்தி; நான்காவதில் சத்தியக் கடதாசியில் வரும் பந்தி. மனுவிலும் ஆவணங்கள் வந்தால் அதற்கும் ஒரு நிரல். இரண்டாவது நிரலை வரைவைப் பார்த்து நிரப்பாதீர்கள், உறுதியையும் படத்தையும் கையில் வைத்து நிரப்புங்கள். உறுதி இலக்கத்தில் ஓர் எண் இடம் மாறியிருந்தால் அப்போதுதான் பிடிபடும். பிறகு ஆவணத்தின் மேல் மூலையில் எழுதிய குறியும் அதேதானா என்று பாருங்கள். "பி3 எனக் குறியிட்டு இதன் பாகமும் பகுதியுமாக இணைக்கிறேன்" என்று எழுதிவிட்டு பி3ஐ இணைக்காமல் விடுவதும் நடக்கிறது.

உங்கள் வழக்கில் இது ஏன் முக்கியம் என்றால், வேலியைப் பற்றி இடைக்காலத் தடை கேட்கிறீர்கள். எதிராளி வர முன்னரே தடுப்புக் கட்டளை கேட்கும்போது நீதிபதிக்கு முன்னால் இருப்பது தாள்கள் மட்டும்தான். "பிடிக்கப்பட்ட துண்டு பி4இல் காட்டப்பட்டுள்ளது" என்று நீங்கள் சத்தியம் செய்ய, பி4ஐப் புரட்டினால் ஒரு கடிதம் இருந்தால், அத்துமீறலுக்கான சான்று அந்த நேரத்தில் இல்லாதது போலாகிவிடும்.

இனி வேண்டுதல் பகுதி. இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன், ஏனெனில் கேட்காத நிவாரணத்தை நீதிமன்றம் தராது. காணி வழக்குகளில் அடிக்கடி காணும் வரைவு இது:

"(அ) அட்டவணையில் விபரிக்கப்பட்ட காணிக்கு வழக்காளியே உரித்தாளர் எனப் பிரகடனம் செய்யவும், (ஆ) எதிராளியை அக்காணியிலிருந்து வெளியேற்றவும்."

உங்கள் காணி முழுவதும் 1 றூட் 20 பேர்ச், அதாவது 60 பேர்ச் என்றும், பிடிபட்டது 12 பேர்ச் என்றும் வைத்துக்கொள்வோம். முழுக் காணி முதலாம் அட்டவணை, துண்டு இரண்டாம் அட்டவணை. மேலே உள்ள வரியில் "அட்டவணை" எது? 60 பேர்ச்சிலிருந்தும் வெளியேற்றக் கேட்டால் அது உண்மைக்கே மாறானது, 48 பேர்ச்சில் நீங்கள்தானே இருக்கிறீர்கள். வழக்கை வென்றாலும், கட்டளையை நிறைவேற்ற வரும் பிஸ்கால் எந்த வேலியைப் பிடுங்குவது என்று தெரியாமல் நிற்பார். சரியான வடிவம் இப்படி இருக்கும்:

"(அ) முதலாம் அட்டவணையில் விபரிக்கப்பட்ட காணிக்கு வழக்காளியே உரித்தாளர் எனப் பிரகடனம் செய்யவும், (ஆ) இரண்டாம் அட்டவணையில் விபரிக்கப்பட்ட பகுதியிலிருந்து எதிராளியையும் அவருக்குக் கீழ் இருப்போர் அனைவரையும் வெளியேற்றி, வெற்று உடைமையை வழக்காளிக்கு ஒப்படைக்கவும்."

"அவருக்குக் கீழ் இருப்போர்" என்ற சொற்களைத் தவறவிட்டால், நாளை அத்துண்டில் குடியிருக்கும் மருமகனோ வாடகைக்காரரோ "கட்டளை எனக்கல்ல" என்று வாதம் தொடங்குவார். 41ஆம் பிரிவு காணியின் ஒரு குறிப்பிட்ட பகுதியைக் கோரும்போது பெயரை மட்டும் சொல்லாமல் எல்லைகளாலோ படத்தாலோ விபரிக்கச் சொல்வதால், இரண்டாம் அட்டவணையின் நான்கு எல்லைகளையும் பரப்பையும் அளவைப் படத்தோடு ஒப்பிடுங்கள். வடக்கும் தெற்கும் இடம் மாறித் தட்டப்படுவது மிகச் சாதாரணம்.

நட்டஈட்டையும் இப்படியே பாருங்கள்: பந்தியில் உள்ள மாதத் தொகை, வேண்டுதலில் எண்ணிலும் எழுத்திலும் உள்ள தொகை, தொடங்கும் திகதி எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், "உடைமை ஒப்படைக்கும் வரை" என்ற முடிவும் வேண்டும்.

இடைக்காலத் தடைக்கு 662ஆம் பிரிவு மனுவும் சத்தியக் கடதாசியும் கேட்கிறது. முதலில் தரும் தடுப்புக் கட்டளை 664ஆம் பிரிவின் கீழ் 14 நாளைத் தாண்டாது, தேவையானால் நீடிக்கப்படும். ஆகவே நிரந்தரத் தடை, இடைக்காலத் தடை, தடுப்புக் கட்டளை மூன்றும் தனித்தனி எழுத்தில் நிற்க வேண்டும். "(ஈ)இல் கேட்டவாறு" என்று மனுவில் வந்தால் வழக்குரையின் (ஈ) அதுதானா என்று திருப்பிப் பாருங்கள். (இ)க்கு அடுத்து (உ) வந்து (ஈ) விடுபட்டிருப்பதும் உண்டு.

சத்தியக் கடதாசியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் "உறுதி கூறுகிறேன்" என்றும் முடிவில் "சத்தியம் செய்து ஒப்பமிட்டார்" என்றும் இருந்தால் அதையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட பிறகு ஒரு பக்கத்தைக் கழற்றி வேறு பக்கம் செருக யாரையும் விடாதீர்கள். பிழை தெரிந்தால் புதிதாக அச்சிட்டு, புதிதாக ஒப்பமிட வேண்டும்.

கண்டதைப் பேனையால் நீங்களே மாற்றாமல், பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதிச் சட்டத்தரணியிடம் சனிக்கிழமைக்குள் கொடுங்கள். தாக்கலான பின் பிழை தெரியவந்தால் 93ஆம் பிரிவின் கீழ் திருத்தம் கேட்கலாம். தொடக்கத்திலேயே கேட்டால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும், செலவுத்தொகை கட்ட நேரலாம். விளக்கத்துக்கு முந்திய விசாரணைக்கு முதலில் குறித்த நாளிலோ அதன் பின்னரோ கேட்டால், திருத்தாவிட்டால் பாரிய, ஈடுசெய்ய முடியாத அநீதி நேரும் என்றும், நீங்கள் தாமதித்துக் கிடக்கவில்லை என்றும் நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டும்.