கதிரையைக் கண்டாலே கத்தும் பிள்ளைக்குப் பல் நிரப்புவது எப்படி?

"மகனுக்கு நாலரை வயது. கீழ்க் கடவாய்ப் பால்பல்லில் ஓட்டை. மூன்று தரம் கொண்டுபோய்விட்டோம், பல் வைத்தியரின் கதிரையைக் கண்டதும் கத்தி வாயை இறுக்கிக்கொள்கிறான். இரண்டு பேர் பிடித்து வைத்தால் வேலை முடிந்துவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?" — ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பிடித்து வைக்க வேண்டாம். அன்றைக்கு ஒரு பல் நிரம்பும், ஆனால் அடுத்த தரம் கிளினிக் வாசலிலேயே பிள்ளை திரும்பிவிடும். அந்தக் கடவாய்ப் பல் விழுவதற்கு 10, 12 வயதாகும். அதுவரை இவன் பல தரம் அந்தக் கதிரையில் ஏற வேண்டியிருக்கும்.

ஆனால் கன்னம் வீங்கியிருந்தால், காய்ச்சல் இருந்தால், நோவில் இரவு நித்திரை இல்லையென்றால் கீழே எழுதுவதெல்லாம் பிறகு. அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நோவோடு இருக்கிற பிள்ளையைப் பழக்கி எடுக்க முடியாது.

நோவு இல்லாத ஓட்டைக்கு நாங்கள் முதலில் கையில் எடுப்பது "சொல், காட்டு, செய்" என்ற முறை. 1959 இல் அடல்ஸ்டன் என்ற பல் வைத்தியர் எழுதியது, இன்றைக்கும் உலகம் முழுக்கப் பிள்ளைகளின் பல் சிகிச்சைக்கு இதுதான் அடிப்படை. மூன்று சொல்லில் அடங்குவதால் எல்லோரும் செய்வதாகத்தான் நினைக்கிறோம். எங்கே பிசகும் என்பது ஒரு பிள்ளையை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து ஒரு பொடியன் வந்தான், உங்கள் மகனின் வயதுதான். முதல் நாள் கதிரையில் ஏறவே மாட்டேன் என்று நின்றான். சரி, ஏற வேண்டாம், அம்மாவின் மடியில் இரு என்றேன். "இது ஒரு குட்டிக் கண்ணாடி, உன்ட பல்லைப் பாக்கிறதுக்கு" என்று சொன்னேன். அது சொல்லுதல். கண்ணாடியை அவன் கையில் கொடுத்து அவனுடைய பெருவிரலையே அதில் பார்க்க வைத்தேன். அது காட்டுதல். பிறகு உடனே, வேறு எதையும் கையில் எடுக்காமல், அதே கண்ணாடியால் முன்பற்களை மட்டும் எண்ணினேன். அது செய்தல். அடுத்து பல் துலக்கும் சுழல் பிரஷ். "இது கூசும், கிர்ர் என்று சத்தம் போடும்" என்று சொல்லி, முதலில் என் நகத்தில் சுற்றிக் காட்டினேன், பிறகு அவனுடைய நகத்தில். கையை இழுத்தான். மறுபடி என் நகத்தில். இரண்டாம் தரம் அவனே விரலை நீட்டினான். அன்றைக்கு நாலு பல் துலக்கியதோடு அனுப்பிவிட்டேன்.

இதில் முக்கியமானது, சொன்னதையும் காட்டியதையும்தான் செய்ய வேண்டும், அதற்கு மேலே ஒன்றும் கூடாது. நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறுமிக்கு இந்தப் பிரஷைக் காட்டினேன். அவள் நன்றாக வாயைத் திறந்தாள். நேரம் போகிறதே என்று, ஒன்றும் சொல்லாமல் அதிவேக ட்ரில்லை எடுத்துவிட்டேன். அந்தச் சத்தமும் தண்ணீரும் வந்ததும் அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குக் கிட்ட என்னிடம் வாயைத் திறக்கவில்லை. தப்பு என்னுடையது.

இன்னொன்று, கை தூக்கும் ஒப்பந்தம். "நிற்பாட்ட வேணும் எண்டால் இடக்கையைத் தூக்கு" என்று சொல்லுவோம். பிள்ளை அதை நம்பாது. இரண்டு நிமிடத்தில் சும்மாவே கையைத் தூக்கிச் சோதித்துப் பார்க்கும். அந்தக் கணமே நிற்பாட்ட வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான்" என்று தொடர்ந்தால் எல்லாம் போச்சு. நிற்பாட்டினால், அதற்குப் பிறகு அநேகமான பிள்ளைகள் கையைத் தூக்குவதே குறைவு.

இரண்டாவது தரம் அந்தப் பொடியன் தன் அக்காவோடு வந்தான். அக்காவை முதலில் ஏற்றிப் பல்லை எண்ணினேன், தம்பி பக்கத்தில் நின்று பார்த்தான். பயமில்லாத மூத்த பிள்ளை இருந்தால் எங்கள் பேச்சைவிட அது நன்றாக வேலை செய்யும். பயந்த அக்காவென்றால் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அன்றைக்கு ஓட்டையின் மென்மையான பகுதியை ட்ரில் இல்லாமல் கைக்கரண்டியால் சுரண்டி எடுத்து, கண்ணாடி அயனோமர் சீமெந்தால் அடைத்தேன். "பல்லுக்குள்ள இருக்கிற ஊத்தையைக் கரண்டியால வழிக்கப் போறன்" என்று சொல்லி, அந்தக் கரண்டியால் அவன் நகத்தைத் தடவிக் காட்டிய பிறகுதான். எவ்வளவு நேரம் என்று பிள்ளைக்கு நிமிடத்தில் சொல்லிப் பிரயோசனமில்லை, அதனால் "பத்து எண்ணுவேன், பிறகு ஓய்வு" என்று எண்ணிக்கொண்டே செய்தேன்.

எல்லா ஓட்டைக்கும் இது போதாது. ஆழமாகப் போயிருந்தால் ஊசி வேண்டும், ஊசியைக் காட்டக் கூடாது. இந்த முறையில் "காட்டு" என்பதை நாங்கள் வேண்டுமென்றே விடுகிற இடம் அதுதான். ஆனால் பொய் சொல்வதில்லை. முரசில் மரக்கச் செய்யும் களிம்பைப் பூசி இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, "பல்லை நித்திரையாக்கப் போறன், சின்னக் கிள்ளு மாதிரி இருக்கும்" என்று சொல்லி, கதை சொல்லிக்கொண்டே மருந்தை மெதுவாக ஏற்றுவோம்.

இப்போது உங்கள் பங்கு. "நோகாது மனே" என்று சொல்லாதீர்கள், பிள்ளையின் காதில் விழுவது "நோ" மட்டும்தான். "ஊசி போடமாட்டாங்க" என்று உறுதி கொடுக்காதீர்கள், அந்த உறுதி உடையும்போது உடைவது உங்கள் மீதுள்ள நம்பிக்கை. சோறு தின்ன மறுத்தால் டொக்டரிடம் கொண்டுபோய் ஊசி போடுவேன் என்று வெருட்டும் பழக்கம் வீட்டில் இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள். உள்ளே வந்ததும் கால்பக்கம் இருந்து மகனின் காலில் கையை வைத்துக்கொள்ளுங்கள், பேச வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு குரல் கேட்டால் பிள்ளை இரண்டையும் கேட்காது. பாராட்டும்போது "கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்வதைவிட "வாயைப் பெரிசாத் திறந்து வைச்சிருந்தாய்" என்று சொல்லுங்கள். அடுத்த தரம் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

வாழைச்சேனைப் பொடியனைப் போல எல்லோரும் வழிக்கு வருவதில்லை. மூன்று வயதுக்குக் கீழே சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அந்த வயதில் தாயும் வைத்தியரும் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்து, பிள்ளையை மடியில் கிடத்திப் பார்ப்பது போதும். மூன்று, நாலு தரம் பொறுமையாக முயன்றும் மாற்றமில்லையென்றால், ஓட்டையில் வெள்ளியும் புளோரைட்டும் கலந்த மருந்தைப் பூசி அது பெரிதாகாமல் நிறுத்தி வைக்கலாம். பல் கறுக்கும் என்பதை முன்னமே சொல்லிவிடுகிறேன். ஏழெட்டுப் பல் சூத்தையாகி நோவும் இருந்தால் மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் முடிப்பதுதான் பிள்ளைக்கு இரக்கமானது. வாயைக் கையால் பொத்தி அடக்கும் பழைய வழி ஒன்றும் இருந்தது, அமெரிக்கப் பிள்ளைகள் பல் வைத்தியர் கழகம் 2006 இல் அதைத் தன் வழிகாட்டியிலிருந்தே நீக்கிவிட்டது.

எங்கே போவது என்றால், உங்கள் பக்கத்துப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே இருக்கும் சிகிச்சையாளர்கள் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே பயிற்றப்பட்டவர்கள். காலையில், மகன் சாப்பிட்டு நித்திரைக் களைப்பில்லாமல் இருக்கிற நேரத்தில் போங்கள். "முதல் நாள் பழக்கினால் போதும், நிரப்ப வேண்டாம்" என்று நீங்களே சொல்லுங்கள். ஊசி போட்டு வந்த நாளில் இரண்டு மூன்று மணித்தியாலம் கீழ் உதடு மரத்திருக்கும், அதுவரை மகன் உதட்டைக் கடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருங்கள். சாப்பாடு அதற்குப் பிறகு.