டெவலப்மென்ட் பட்டை வீங்குகிறது: தவறு யாரிடம்?

"ஜிராவில் எங்கள் க்யூமுலேட்டிவ் ஃப்ளோ வரைபடத்தில் டெவலப்மென்ட் பட்டை வாராவாரம் தடித்துக்கொண்டே போகிறது. டெவலப்பர்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று மேலாளர் சொல்கிறார். அது சரியா?"

பட்டையின் தடிமனை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அதன் மேல் கோடு டெவலப்மென்ட்டுக்குள் வந்த வேலைகளின் மொத்தம், கீழ்க் கோடு அதைத் தாண்டி டெஸ்டிங்குக்குப் போனவற்றின் மொத்தம். இரண்டின் சரிவையும் தனித்தனியாகப் பாருங்கள்.

உதாரணமாக, 4 வாரத்தில் மேல் கோடு 20-லிருந்து 44-க்கும், கீழ்க் கோடு 12-லிருந்து 24-க்கும் ஏறியதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 6 வேலை உள்ளே வருகிறது, 3 தான் வெளியேறுகிறது. 8 ஆக இருந்த தேக்கம் 20 ஆகிவிட்டது. இதே வேகம் நீடித்தால் இருப்பதை முடிக்கவே ஏறக்குறைய 7 வாரம் ஆகும்.

ஆனால் அந்த 20-இல் எத்தனை, கோட் எழுதி முடித்து டெஸ்டருக்காகக் காத்திருப்பவை? பல குழுக்களில் டெஸ்டர் கையில் எடுக்கும்வரை வேலை டெவலப்மென்ட் நெடுவரிசையிலேயே கிடக்கும். அப்போது டெஸ்டிங்கில் உள்ள அடைப்பு டெவலப்மென்ட் பட்டையில்தான் தெரியும். டெஸ்டிங் பட்டையோ மெலிந்து, நிம்மதியாக இருப்பதுபோல் காட்டும்.

அதனால் "டெஸ்டுக்குத் தயார்" என்று தனி ஸ்டேட்டஸ் உருவாக்கி, போர்டில் அதற்கு ஒரு நெடுவரிசை கொடுங்கள். பழைய வேலைகளுக்கு அந்த வரலாறு இருக்காது, எனவே சில வாரம் பொறுத்துப் பாருங்கள். புதிய பட்டை வீங்கினால் டெஸ்டிங் ஈடுகொடுக்கவில்லை. டெவலப்மென்ட் பட்டையே தொடர்ந்து வீங்கினால், முடிப்பதற்குள் அடுத்ததைத் தொடங்குகிறார்களா என்று முதலில் பாருங்கள்.