களப் புத்தகப் படத்தில் 8ஆ 3ஆ? கூட்டிப் பார்த்தால் கோடே சொல்லும்

கேள்வி: தெகிவளையில் ஒரு காணி வாங்கப் பார்க்கிறோம். புரோக்கர், சேவையரின் களப் புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். அதிலுள்ள திசைகோள்களையும், அதாவது ஒவ்வொரு கோடும் வடக்கிலிருந்து வலமாக எத்தனை பாகையில் ஓடுகிறது என்பதையும், தூரங்களையும் போனில் ஒரு செயலியில் போட்டால் 10.39 பேர்ச் வருகிறது. உறுதியிலோ 12.03 பேர்ச். எது பிழை?

பதில்: நீங்கள் படித்த ஓர் எண்தான் பிழை என்று தெரிகிறது. அதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் முதலில் அந்தச் செயலியை மூடி வையுங்கள். நான்கு மூலைகளைக் கொடுத்ததும் அது கடைசி மூலையை முதல் மூலையோடு தானாகவே இணைத்துவிட்டுப் பரப்பைச் சொல்லும். அந்த நான்காவது பக்கத்தைச் சேவையர் அளந்து எழுதியிருக்கிறாரே, அந்த அளவோடு பொருந்துகிறதா என்று அது பார்ப்பதேயில்லை. அதனால் எந்தப் பிழையான எண்ணைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு பேர்ச் கணக்கு அழகாக வந்து நிற்கும்.

படத்தைத் தாளில் எடுத்து எழுதும்போது புரிந்ததை எழுதாதீர்கள், தெரிவதை எழுதுங்கள். சந்தேகமான இலக்கம் என்றால் இரண்டு வாசிப்பையும் "13/18" என்று அப்படியே வையுங்கள். உங்கள் பக்கத்தில் 3இலிருந்து 4க்குப் போகும் கோட்டில் 13.81 என்று படித்திருக்கிறீர்கள். அதிலுள்ள 3இன் இடப்பக்கம் மடிப்பு நிழலில் இருக்கிறது. இன்னொன்று: களப் புத்தகத்தைப் பலர் கீழிருந்து மேலாக எழுதுவார்கள். ஆகவே கோட்டின் வரிசையை மூலைகளில் அடித்த முளைகளின் இலக்கங்களைப் பார்த்தே எடுக்க வேண்டும், பக்கத்தில் முதலில் கண்ணில் படுவதைப் பார்த்தல்ல. குறுக்குக் கோடு போட்ட எண் வெட்டப்பட்ட எண். அதற்குப் பக்கத்திலோ மேலேயோ உள்ளதுதான் சரியானது.

இனி எக்செலில் ஒரு கோட்டுக்கு ஒரு வரி. A பத்தியில் கோடு, B பாகை, C கலை, D தூரம். 12 பாகை 40 கலையை 12.40 என்று ஒரே பெட்டியில் போடுவதுதான் எல்லோரும் விழும் குழி. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் அது 12.667 ஆக வேண்டும்.

```
E2  =B2+C2/60
F2  =D2*SIN(RADIANS(E2))
G2  =D2*COS(RADIANS(E2))
```

F என்பது அந்தக் கோட்டில் நடந்தால் கிழக்கே எவ்வளவு நகர்கிறோம் என்பது, G வடக்கே எவ்வளவு. மேற்கும் தெற்கும் கழித்தல் குறியோடு வரும். நான்கு கோடும் நடந்து புறப்பட்ட முளைக்கே திரும்பினால் இரண்டு பத்தியின் கூட்டுத்தொகையும் பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். இதுதான் மூடுகை. இவ்வளவு சிறிய காணியில் ஓரிரு சென்ரிமீற்றர் தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் எண்களைப் போட்டால் கிழக்கில் 0.90 மீற்றரும் வடக்கில் 4.91 மீற்றரும் மிஞ்சுகின்றன. அதாவது புறப்பட்ட முளையிலிருந்து கிட்டத்தட்ட 5 மீற்றர் வடக்கே போய் நிற்கிறீர்கள். இந்த மிச்சத்தின் நீளத்தையும் திசையையும் எடுங்கள் (கூட்டுத்தொகைகள் 6ஆம் வரியில்):

```
=SQRT(F6^2+G6^2)
=DEGREES(ATAN2(G6,F6))
```

நீளம் 4.995, திசை ஏறக்குறைய 10 பாகை 23 கலை. இரண்டும் பேசுகின்றன. 5 என்பது முழு எண், கைநடுக்கத்தால் வந்த பிழை அல்ல. 3ஐயும் 8ஐயும் மாற்றிப் படித்தால் சரியாக 5 தள்ளும், 4ஐயும் 9ஐயும் மாற்றினாலும் அப்படியே. தூரம் பிழைத்தால் மிச்சம் அந்தக் கோட்டின் திசையிலேயே விழும். திசைகோள் பிழைத்தால் கோட்டுக்குக் குறுக்கே விழும். உங்கள் 3–4 கோடு 190 பாகை 25 கலை. 180ஐக் கழித்தால் 10 பாகை 25 கலை. மிச்சத்தின் திசையும் அதுதான்.

இங்கேதான் அவசரப்படக்கூடாது. காணி ஏறக்குறையச் செவ்வகம். எதிர்ப்பக்கமான 1–2 கோடும் 12 பாகை 40 கலையில், கிட்டத்தட்ட அதே திசையில் ஓடுகிறது. "3–4 ஐந்து மீற்றர் குறைவு" என்று சொல்வதற்குப் பதிலாக "1–2 ஐந்து மீற்றர் கூட, 18.70 அல்ல 13.70" என்று ஒருவர் சொன்னாலும் வடக்குக் கணக்கு ஏறக்குறைய மூடிவிடும். இதை இரண்டு வழியிலும் மாற்றிப் பார்த்தே தீர வேண்டும். 1–2ஐ 13.70 ஆக்கினால் கிழக்கில் 0.20 மீற்றர் குறைகிறது. 3–4ஐ 18.81 ஆக்கினால் இரண்டு பத்தியும் ஒரு சென்ரிமீற்றருக்குள் வந்துவிடுகின்றன. இரண்டு கோட்டின் திசைக்கும் இடையிலான இரண்டேகால் பாகை வித்தியாசம்தான் உங்களைக் காப்பாற்றியது. எதிர்ப்பக்கங்கள் சரியான சமாந்தரமாக இருந்திருந்தால் கணக்கு எதையும் தேர்ந்து சொல்லாது. அப்போது மூலப் புத்தகம்தான் கதி.

| கோடு | திசைகோள் | தூரம் (மீ) | கிழக்கு | வடக்கு | நிலை |
|---|---|---|---|---|---|
| 1–2 | 12° 40' | 18.70 | 4.10 | 18.24 | தெளிவு |
| 2–3 | 102° 12' | 15.86 | 15.50 | −3.35 | தெளிவு |
| 3–4 | 190° 25' | 18.81 | −3.40 | −18.50 | படத்தில் 13/18, கணக்கால் 18 |
| 4–1 | 282° 32' | 16.60 | −16.20 | 3.60 | தெளிவு |
| கூட்டு | | 69.97 | 0.00 | −0.01 | |

இதன் பரப்பு 304.2 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் என்று வகுத்தால் 12.03. உறுதியோடு பொருந்துகிறது. ஆனால் உறுதியிலுள்ள பேர்ச்சை முதலே மனதில் வைத்துக்கொண்டு எண்ணை அதற்கேற்ப வளைத்துப் படிக்காதீர்கள். மூடுகை முதலில், பேர்ச் கடைசியில்.

உள்மூலைக் கோணங்களைக் கூட்டினால் 360 வருகிறது, ஆகவே சரி என்று புரோக்கர் சொல்லலாம். திசைகோள்களிலிருந்து எடுத்த கோணங்கள் திசைகோள் பிழையாக இருந்தாலும் 360 தான் வரும். அது சோதனையே அல்ல. அதைவிட மோசமானது, "சொஃப்ட்வெயாரில் போட்டுச் சரிப்படுத்தியாச்சு" என்று கொண்டுவரும் அச்சுப்பிரதி. மிஞ்சும் பிழையை எல்லாக் கோட்டுக்கும் பங்கு பிரித்துக் கரைக்கும் முறை சென்ரிமீற்றருக்கானது. 5 மீற்றரை அப்படிக் கரைத்தால் நான்கு பக்கமும் பொய்யாகி, தாளில் மட்டும் காணி மூடி நிற்கும். சரிப்படுத்துவதற்கு முன் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

இந்த வழி ஓர் எண் பிழைத்தால் மட்டும் வேலை செய்யும். இரண்டு பிழைத்தால் மிச்சத்தின் திசையை நம்பி எந்தக் கோட்டையும் சொல்ல முடியாது. அதோடு உங்கள் அட்டவணை பிளானும் ஆகாது. உறுதியில் சொல்லப்பட்ட பிளானின் இலக்கம், திகதி, கையொப்பமிட்ட சேவையரின் பதிவு ஆகியவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

18.81 என்பதும் இப்போதைக்குக் கணக்குத் தந்த எண்தான். அந்த ஒரு வரியை மட்டும் நேரே மேலிருந்து, மடிப்பை விரித்து, வெளிச்சத்தில் மறுபடி படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காணிக்குப் போகும்போது 30 மீற்றர் நாடா ஒன்றையும் எடுத்துச்சென்று, 3ஆம் 4ஆம் முளைகளுக்கு இடையே இழுத்துக் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். 13 மீற்றருக்கும் 18 மீற்றருக்கும் உள்ள வித்தியாசம் நாடாவில் தெரிந்துவிடும்.