குத்துவிளக்கு வெளிச்சத்தில் கும்மி: போனில் புள்ளி விழாமல் எடுக்க

"சாயல்குடிப் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. ஆடியில் அம்மன் கோயில் முளைக்கொட்டு. ராத்திரி கரண்ட் விளக்கை அணைத்துவிட்டு, நடுவில் குத்துவிளக்கு மட்டும் ஏற்றி, முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மியடிப்பார்கள். என் போனில் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, ஆடி ஆடி வருகிறது. கடைக்காரர் 9,000 ரூபாய்க்கு கிம்பல் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். கிம்பல் உங்கள் கை ஆட்டத்தை மட்டும்தான் நிறுத்தும். புள்ளி விழுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் ஆட்டம் என்று நினைப்பதில் பாதி ஆட்டமும் அல்ல, இழுவல். வெளிச்சம் போதாதபோது போன் ஒவ்வொரு பிரேமையும் அதிக நேரம் திறந்து வைக்கிறது. அந்த நேரத்துக்குள் கும்மியடிக்கும் கை நகர்ந்துவிடுவதால் கோடாக இழுக்கிறது. போனைப் பாறையில் பதித்து வைத்தாலும் அந்தக் கை இழுக்கத்தான் செய்யும்.

எடுத்து வைத்திருக்கும் வீடியோவையே ஒருமுறை போட்டு, பின்னால் தெரியும் கோயில் சுவரைப் பாருங்கள். சுவரில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தால் அது புள்ளி. சுவர் தெளிவாக இருந்து கைகள் மட்டும் கலங்கினால் அது இழுவல். சுவரும் விளக்கும் சேர்ந்து துள்ளினால்தான் அது உங்கள் கை.

புள்ளிக்குக் காரணம், போன் இருட்டை இருட்டாக விட மறுப்பதுதான். திரையில் முக்கால்வாசி கறுப்பாக இருப்பதைப் பார்த்ததும், நீங்கள் ஏதோ தப்பாக எடுக்கிறீர்கள் என்று எண்ணி, சென்சாரின் உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றிக்கொண்டே போகிறது. இல்லாத வெளிச்சத்தை ஏற்றினால் புள்ளிதான் வரும். அதனால், விளக்கொளி நேராக விழுகிற ஒரு முகத்தைத் திரையில் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். பூட்டு அடையாளமோ AE/AF LOCK என்ற எழுத்தோ வரும். பக்கத்தில் தெரியும் சூரியன் குறியைக் கீழே இழுங்கள், பின்சுவர் நல்ல கறுப்பாகும் வரை. முகமும் சேலைக் கரையும் முளையின் மஞ்சளும் தெரிந்தால் போதும்.

இந்தப் பூட்டு நம் கரையில் இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். ஆடிக் கச்சான் காற்று அடிக்கும்போது திரி படபடக்கும். பூட்டாவிட்டால் சுடர் தாழும்போதெல்லாம் போன் படத்தின் வெளிச்சத்தை ஏற்றும், எழும்பும்போது இறக்கும். வீடியோ மூச்சு வாங்குவதுபோல் ஆகிவிடும்.

அடுத்தது தூரம். விளக்கிலிருந்து நாலடியில் நிற்பவர் முகத்தில் விழும் வெளிச்சத்தில் கால் பங்குதான் எட்டடியில் நிற்பவர் மேல் விழும். எனவே வட்டத்தை விளக்கை ஒட்டிச் சுருக்கச் சொல்லுங்கள். பூசாரி சம்மதித்தால் இன்னொரு குத்துவிளக்கை வைத்து ஐந்து முகத்தையும் ஏற்றச் சொல்லுங்கள். நீங்களும் நெருங்கி வந்து 1x லென்சிலேயே எடுங்கள். அதிக வெளிச்சத்தை உள்ளே விடுவது பெரும்பாலும் அந்த லென்ஸ்தான். 0.5x-ம் ஜூமும் இந்த இருட்டுக்கு ஆகாது. Super Steady, Action Mode என்று இருப்பதையும் தொடாதீர்கள், அவை பகல் வெளிச்சத்துக்கானவை.

நான் மிகவும் வருந்திச் சொல்வது லென்ஸ் கார்டைப் பற்றி. புதுப் போன் வாங்கியதும் கடையில் நம்மைக் கேட்காமலேயே கேமராமேல் ஒரு கண்ணாடியை ஒட்டி 200, 300 வாங்கிவிடுகிறார்கள். சுடர் அந்தக் கண்ணாடிக்கும் லென்சுக்கும் இடையில் பட்டுப் பட்டுத் திரும்பி, முகங்களின்மேல் பச்சைப் பொட்டாகவும் வெள்ளைப் புகையாகவும் விழும். சில வருடங்களுக்கு முன் கீழக்கரைப் பக்கம் ஒரு வீட்டில், அப்பத்தா கடைசியாக மாவிளக்கு எடுத்த வீடியோவை என்னிடம் கொண்டுவந்தார்கள். முழுக்கப் புகை. ஒரு கடையில் அதைச் "சரிசெய்ய" 2,500 ரூபாய் வாங்கியிருந்தார்கள். செய்தது என்னவென்றால், புள்ளியைத் தேய்த்து அழித்ததில் அப்பத்தாவின் முகச் சுருக்கமெல்லாம் போய் மெழுகுப் பொம்மைபோல் ஆகியிருந்தது. நல்லவேளை, மூல வீடியோ போனிலேயே இருந்தது. பதிவில் இல்லாத விவரத்தை எந்தக் கடைக்காரரும் மீட்டுத் தர முடியாது. அந்தக் கண்ணாடியைப் பிய்த்தெறியுங்கள். பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியால் லென்சைத் துடையுங்கள். கடற்காற்றின் உப்பும் விளக்கெண்ணெய்க் கையும் சேர்ந்து அரைமணிக்கு ஒருமுறை அதை மங்கலாக்கும்.

கை ஆட்டத்துக்குச் செலவே வேண்டாம். ஒரு மஞ்சப்பையில் முக்கால் பங்கு மணல் நிரப்பி, வாயைக் கட்டி, திண்ணையிலோ கவிழ்த்த உரலிலோ வையுங்கள். போனை அதில் குத்தி நிறுத்தினால் எந்த மலிவு முக்காலியையும்விட நன்றாக நிற்கும். ஒரே இடத்தில் வைத்து இருபது, முப்பது வினாடி எடுங்கள். அப்புறம் பையைத் தூக்கி வேறு இடத்தில் வையுங்கள். எடுத்துக்கொண்டே நடக்காதீர்கள்.

இழுவலுக்கு ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமும் திறந்திருக்கும் நேரத்தை, நாமே வைக்க வேண்டும். போன் கம்பெனிகள் விளம்பரத்தில் மெகாபிக்சலைக் கூவுகின்றன. ஆனால் வீடியோவில் ஷட்டரை மாற்றும் ஒரு பொத்தானைப் பல போன்களில் வைப்பதே இல்லை. நைட் மோடு என்று காட்டுவதும் பெரும்பாலும் போட்டோவுக்குத்தான். உங்கள் போனில் Pro Video இருந்தால் நல்லது. இல்லையென்றால் Blackmagic Camera என்ற ஆப் இலவசம். எல்லா ஆண்ட்ராய்டிலும் ஓடாது, போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 வினாடி, ஐஎஸ்ஓ 800-ல் தொடங்கி முகம் தெரியாவிட்டால் 1600 வரை. அதற்கு மேல் ஏற்ற நினைத்தால், ஏற்ற வேண்டியது இன்னொரு விளக்கைத்தான். வெள்ளைச் சமன், அதாவது WB, 2800-ல் நிற்கட்டும், விளக்கின் மஞ்சள் மஞ்சளாகவே வரும்.

1/50-க்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கும்மி தொடங்குமுன் முளைப்பாரி வரிசையாக இருக்கும், ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், அசைவது சுடர் மட்டும். அப்போது ஷட்டரை 1/25-க்கு இறக்கலாம். இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்கும், ஐஎஸ்ஓ பாதியாகக் குறையும், படம் பட்டுப்போல் வரும். ஆனால் போன் மணல் பையில் இருக்க வேண்டும், கையில் அல்ல. பூசாரி தீபம் காட்டக் கையைத் தூக்கினாலே விலக்கு முடிந்தது. குலவை எழுந்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அதற்கு முன்பே 1/50-க்குத் திரும்பிவிடுங்கள். மறந்து 1/25-லேயே கும்மியை எடுத்துவிட்டு, கைகளெல்லாம் பிசினாக இழுத்த வீடியோவோடு என்னிடம் வந்தவர்கள் நிறைய.

போன் டார்ச்சை மட்டும் அடிக்காதீர்கள். சாமி வந்து நிற்கிற அம்மா முகத்தில் அதை அடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. ஊர்ப் பெரியவர்களிடமும் அந்தப் பெண்களிடமும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்களுடையது ஊரே நடத்தும் கோயில் என்றால், அவர்கள் சரி என்பது போதும். அறநிலையத் துறைக் கோயில்களுக்குள் போன் கொண்டுபோவதையே தடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது.

எடுத்து முடித்ததும் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால், சுருக்கும்போது கறுப்புப் பகுதிதான் முதலில் கட்டம் கட்டமாக உடையும். Document என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். மூலத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றிய பிறகே போனிலிருந்து அழியுங்கள்.