நாள்பட்ட முதுகுவலிக்கு நடை: தூரத்தை எப்படிக் கூட்டுவது, வேகத்தை எப்போது தொடுவது?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் கீழ்முதுகு வலியோடு நடக்கத் தொடங்கியவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

கேள்வி: இரண்டு வருடமாகக் கீழ்முதுகு வலி. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் 40 நிமிடம் நடந்துவிடுகிறேன். அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். நடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

நடை உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொள்ளாதது அந்த 40 நிமிடம். வலி குறைந்த நாளில் விட்டதையெல்லாம் சேர்த்து நடப்பது, மறுநாள் முடங்குவது, தேறியதும் மறுபடி அதையே செய்வது என்ற இந்தச் சுழற்சியில் முதுகுக்குப் பழக்கம் ஏறுவதே இல்லை. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலம் கூர்மையாகிவிடுகிறது. சாதாரண அசைவைக்கூட ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அதைத் தணிக்கத் தேவைப்படுவது சிறிய அளவில், ஒரே சீராக, திரும்பத் திரும்பக் கிடைக்கும் அசைவு. அதனால் எவ்வளவு நடப்பது என்பதை அன்றைய வலி தீர்மானிக்கக் கூடாது, கடிகாரம்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் உங்கள் தொடக்க அளவைக் கண்டுபிடியுங்கள். மூன்று வெவ்வேறு நாட்களில், சமதரையில், உங்களுக்கு வசதியான வேகத்தில் நடங்கள். வலி வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறத் தொடங்கும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே நிறுத்துங்கள். தாங்க முடியாத எல்லை வரை போய்ப் பார்க்க வேண்டியதில்லை. 14, 9, 13 நிமிடங்கள் வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 12. அதில் ஐந்தில் நான்கு பங்கு ஒன்பதரை நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். அதைக் கீழ்நோக்கி முழுமையாக்கி 9 நிமிடத்தில் தொடங்குங்கள்.

முதல் இரண்டு வாரம் காலையில் 9 நிமிடம், மாலையில் 9 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். நல்ல நாளிலும் 9தான், மந்தமான நாளிலும் 9தான். பலரும் தவறுவது நல்ல நாளில். "இன்று வலியே இல்லை, இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று தோன்றும். போகாதீர்கள். மூன்றாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் ஒவ்வொரு நடையிலும் கூட்டுங்கள். எட்டாவது வாரத்தில் காலை 15, மாலை 15 என்று நாளுக்கு 30 நிமிடம் வந்துவிடும்.

அதன்பிறகு மொத்தத்தைக் கூட்டாமல் பங்கீட்டை மட்டும் மாற்றுங்கள். ஒன்பதாவது வாரம் ஒரு நடை 18, இன்னொன்று 12. அடுத்த வாரம் 21, 9. இப்படி மூன்று மூன்று நிமிடமாக நகர்த்தினால் பதின்மூன்றாவது வாரத்தில் ஒரே மூச்சில் 30 நிமிடம் நடப்பீர்கள். மெதுவாகத் தோன்றலாம். ஆனால் இந்த இடத்தில் அவசரப்படுபவர்களுக்கு முதுகைவிட முழங்காலும் குதிகாலும்தான் முதலில் கோளாறு செய்யும். முதுகுக்காக நடக்கத் தொடங்கியவர் குதிகால் வலியால் நடையை விடுவது அடிக்கடி நடக்கிறது.

நடைமுறையில் ஒன்று. 9 நிமிடம் என்றால் நாலரை நிமிடத்தில் திரும்பியாக வேண்டும். 9 நிமிடமும் ஒரே திசையில் போய்விட்டால் வீடு திரும்ப இன்னொரு 9 நிமிடம் நடந்தே ஆக வேண்டும், கணக்கு இரட்டிப்பாகிவிடும். முதல் சில வாரங்கள் வீட்டைச் சுற்றியே நடப்பது நல்லது.

கேள்வி: நடக்கும்போது வலி கூடுகிறது. எவ்வளவு வரை பொறுக்கலாம்? எப்போது அளவைக் குறைக்க வேண்டும்?

வலிக்கு 0 முதல் 10 வரை எண் கொடுத்துப் பழகுங்கள். கிளம்பும் முன் ஒரு எண், நடந்து முடித்ததும் ஒரு எண், மறுநாள் எழுந்ததும் ஒரு எண். மூன்றாவதுதான் முக்கியமானது. கிளம்பும்போது 3 இருந்தது, முடிக்கும்போது 5 ஆனது, மறுநாள் காலை மீண்டும் 3 என்றால் அளவு சரி, திட்டப்படி தொடரலாம். இரண்டு புள்ளி ஏறி இறங்குவது பழக்கமில்லாத வேலைக்கு உடம்பு காட்டும் பதில்.

மறுநாள் காலையும் 5 நீடித்தால், அந்த வாரம் நிமிடத்தைக் கூட்டாதீர்கள். அதே அளவை இன்னொரு வாரம் நடங்கள். இரண்டு நாளாகியும் இறங்கவில்லை என்றால் பாதி நேரமாக்கி, இரண்டு மூன்று நாள் கழித்துப் பழைய அளவுக்குத் திரும்புங்கள். முழுசாக நிறுத்திப் படுத்துவிடுவதுதான் செய்யக் கூடாதது. படுக்கையில் கழிக்கும் நாட்கள் தசையைத் தளர்த்திவிடும், அசைவு பற்றிய பயத்தையும் வளர்த்துவிடும்.

காய்ச்சல், பயணம் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் இரண்டு வாரத்துக்கு முந்தைய அளவிலிருந்து தொடருங்கள். அதற்கு மேல் விட்டுப்போயிருந்தால் மூன்று நாள் சோதனையை மறுபடி செய்துவிடுவதே மேல்.

கேள்வி: மெதுவாக உலாவினால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கொஞ்சம் விரைவாக நடந்தால் பரவாயில்லை. இது சாத்தியமா?

சாத்தியம்தான். நின்று நின்று, பொருட்களைப் பார்த்துக்கொண்டே உலாவும்போது கை வீச்சு நின்றுவிடுகிறது, முதுகுத் தசைகள் இறுக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சீராக நடக்கும்போது தசைகள் மாறி மாறி இறுகித் தளர்கின்றன, அந்த இடைவெளியில் அவற்றுக்கு ஓய்வு கிடைக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் சிலரை நடக்கவைத்து அளந்து 1999இல் வெளியான ஆய்வு, மெதுநடையில் முதுகின் மீதான சுமை ஏற்ற இறக்கமின்றி ஒரே நிலையாக இருப்பதைக் காட்டியது. கைப்பையையோ போனையோ பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் கைகளைக் காலியாக விட்டுப் பாருங்கள். தோளிலிருந்து தானாக வீசட்டும், வலிந்து வீச வேண்டாம்.

ஆனால் "விரைவு" என்பதை அகலக் கால் வைப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலை வெகு முன்னால் ஊன்றினால் குதிகால் பிரேக் போடுவதுபோல் தரையில் மோதும், இடுப்பும் அதிகமாகத் திருகும். அடியின் நீளத்தைக் கூட்டாமல் அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். காலடிச் சத்தம் 'தொப் தொப்' என்று கேட்டால் அடி நீண்டுவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: 30 நிமிடம் வந்துவிட்டது. இனி வேகத்தைக் கூட்டலாமா? எப்படி?

கூட்டலாம், ஆனால் நேரமும் வேகமும் ஒரே வாரத்தில் கூடக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கூட்டினால், வலி வந்தபிறகு எதனால் வந்தது என்றே தெரியாது.

முதலில் உங்கள் இப்போதைய வேகத்தை எண்ணுங்கள். நடையின் நடுவில் 30 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி இரட்டியுங்கள். 92 வந்தால், விரைவு நடைக்கு 100 முதல் 104 வரை போதும். நிமிடத்துக்கு 100 அடி என்பது பெரும்பாலான பெரியவர்களுக்கு மிதமான உழைப்பின் தொடக்கம். பேச முடியும், பாட முடியாது என்ற நிலை அது.

முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் வசதியான வேகம். நடுவில் உள்ள 20 நிமிடத்தில் ஒரு நிமிடம் விரைவு, மூன்று நிமிடம் சாதாரணம் என்று ஐந்து சுற்று. வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் இப்படி, மற்ற நாள் பழையபடி. இரண்டு வாரம் கழித்து இரண்டுக்கு இரண்டு, இன்னும் இரண்டு வாரம் கழித்து மூன்றுக்கு ஒன்று.

வேகம் கட்டாயமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். நார்வேயில் 11,000க்கும் மேற்பட்டவர்களின் நடையைக் கருவி மூலம் அளந்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு மொத்தம் 100 நிமிடத்துக்கு மேல் நடந்தவர்களுக்கு, 78 நிமிடத்துக்குக் குறைவாக நடந்தவர்களைவிட நாள்பட்ட முதுகுவலி வரும் அபாயம் சுமார் 23 சதவீதம் குறைவாக இருந்தது. வீட்டு வேலை, அலுவலகம் எல்லாவற்றிலும் நடந்தது அந்தக் கணக்கில் சேரும். வேகத்தைவிட மொத்த நேரத்துக்கே தொடர்பு அதிகமாகத் தெரிந்தது. வேகம் கூட்டியதும் தொல்லை வந்தால், அதை விட்டுவிட்டு நேரத்தைக் காப்பாற்றுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. ஐந்து நிமிடம் நடந்தாலே இரண்டு கால்களும் கனத்து மரத்துப்போகின்றன. உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. அவரும் இதே திட்டத்தில் நடக்கலாமா?

முதலில் மருத்துவர் பார்க்கட்டும். முதுகுத்தண்டின் கால்வாய் குறுகி நரம்பு நெருக்கப்படும்போது இப்படி வரும். கால் ரத்தக் குழாய் அடைப்பிலும் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். வீட்டிலேயே கவனிக்க ஒரு வித்தியாசம் உண்டு. சும்மா நின்றாலே வலி அடங்கினால் ரத்த ஓட்டம் பக்கம் சந்தேகிக்கலாம். நின்றால் போதாது, உட்காரவோ முன்னால் குனியவோ வேண்டும் என்றால் நரம்பு நெருக்கம் பக்கம். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும் என்பதால் பரிசோதனை தவிர்க்க முடியாதது.

நரம்பு நெருக்கம்தான் என்று உறுதியானால், தொடர்ந்து நடப்பதற்குப் பதிலாக துண்டு துண்டாக நடப்பது பொருந்தும். கனம் தொடங்கும் முன்பே, மூன்று நிமிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். ஓரிரு நிமிடம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, கால் தெளிந்ததும் மறுபடி மூன்று நிமிடம். நான்கு சுற்றில் தொடங்கி, நிமிடத்தை விட்டுச் சுற்றுகளை முதலில் கூட்டுங்கள். லேசான ஏற்றத்தில் உடல் முன்சாய்வதால் அவருக்கு எளிதாக இருக்கலாம். இறக்கத்தில் முதுகு பின்வளைவதால் தொல்லை கூடும். கைப்பிடி உள்ள வாக்கர் தள்ளுவதும் இதே காரணத்தால் உதவும்.

சில அறிகுறிகளில் நடைத் திட்டத்தையெல்லாம் தள்ளிவைக்க வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, கால் பலவீனம் கூடிக்கொண்டே போவது ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனை போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலியும், காரணமில்லாமல் எடை குறைவதும், விழுந்தபின் தொடங்கிய வலியும், முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் புது வலியும் தாமதிக்காமல் காட்ட வேண்டியவை.

கேள்வி: பெல்ட் போட்டு நடக்கலாமா? டிரெட்மில் சரியா?

பெல்ட் தேவையில்லை. டிரெட்மில்லில் நடக்கலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை வீச்சு போய்விடும், அதை மட்டும் தவிருங்கள்.

கேள்வி: வலி போய்விட்டது. நடையை நிறுத்திவிடலாமா?

ஆஸ்திரேலியாவில் அண்மையில் முதுகுவலியிலிருந்து தேறிய 701 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2024இல் வெளியானது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில், படிப்படியாக, வாரத்துக்கு ஐந்து நாள் 30 நிமிடம் என்ற இலக்கோடு நடந்தவர்களில், பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது. தனியாக எந்தச் சிகிச்சையும் தராத குழுவில் அது 112 நாள். வலி திரும்பவே திரும்பாது என்று இதற்கு அர்த்தமில்லை, இடைவெளி நீண்டது என்பதே முடிவு. அதனால் நிறுத்தாதீர்கள். வலி மறுபடி எட்டிப்பார்த்தால் அன்று பாதி நேரம் நடந்துவிட்டு, மறுநாள் காலை எண்ணைக் குறித்துப் பாருங்கள்.